குளத்து நீரில் நியூட்டைத் தேடுவது: டி.என்.ஏ. சோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீரில் கலந்திருக்கும் டி.என்.ஏ.வைக் கொண்டு மீன்களையும் இருவாழ்விகளையும் கண்டறிவதைப் பற்றிப் பேசினாலே இதே ஐயங்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்: இங்கிலாந்தின் குளங்களில் வாழும் கிரேட் கிரெஸ்டட் நியூட். தவளையின் உறவினமான, வாலுள்ள இருவாழ்வி இது. கீழே ‘நியூட்’ என்று மட்டும் எழுதினால் இதையே குறிக்கிறேன். இதற்கான சோதனை முறை மில்லிலிட்டர் கணக்கு வரை எழுதி வெளியிடப்பட்டிருப்பதால், எங்கே தவறலாம் என்பதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்க முடியும்.

விலங்கைக் கண்ணால் பார்க்காமலே அது குளத்தில் இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நீரில் வாழும் எந்த விலங்கும் தோல் செல், சளி, கழிவு, முட்டை உறை என்று எதையாவது நீரில் விட்டுக்கொண்டே இருக்கிறது. அவற்றில் உள்ள டி.என்.ஏ. சிதைந்து துண்டுதுண்டாகி நீரில் மிதக்கிறது. பிரான்ஸில் அயல்நாட்டு வரவான அமெரிக்கக் காளைத் தவளையை இப்படி நீர்மாதிரியிலிருந்தே கண்டுபிடித்த ஆய்வு 2008-இல் வெளியானது. அதன் பிறகுதான் இந்த முறை வேகமாகப் பரவியது.

நியூட் சோதனையில் தேடுவது அதன் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் பி மரபணுவின் ஒரு சிறு துண்டு. நூறு எழுத்துக்கும் குறைவான நீளம்தான். சிறிய துண்டைத் தேடக் காரணம், நீரில் நீளமான துண்டுகள் அதிக நாள் நிலைப்பதில்லை. மைட்டோகாண்ட்ரியாவைத் தேர்ந்தெடுக்கக் காரணம், ஒரு செல்லில் உட்கரு டி.என்.ஏ. இரண்டு படிகள் மட்டுமே இருக்க, இது நூற்றுக்கணக்கில் இருக்கும். அந்தத் துண்டைப் பி.சி.ஆர். முறையில் பெருக்குகிறார்கள். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் கேட்டுப் பழகிய அதே வகைச் சோதனைதான். துண்டு இருந்தால் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாகி, ஒரு கட்டத்தில் ஒளிர்வு கருவியில் தெரியும்.

இந்த ஒரு நியூட்டுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்?

சட்டம்தான் காரணம். இங்கிலாந்தில் இது பாதுகாக்கப்பட்ட விலங்கு. வீடோ சாலையோ கட்டும் இடத்தில் குளம் இருந்தால், அதில் நியூட் இருக்கிறதா என்று பெரும்பாலும் பார்க்க வேண்டியிருக்கும். பழைய முறையில் இனப்பெருக்கக் காலத்தில் நான்கு முறை போக வேண்டும். இரவில் டார்ச் அடித்து எண்ணுவது, பாட்டில் பொறி வைப்பது, நீர்ச்செடி இலைகளுக்குள் மடித்து ஒட்டிய முட்டைகளைத் தேடுவது என்று பல வேலைகள்.

நியூட் இருப்பது தெரிந்த 35 குளங்களில் இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தொழில்முறையாளர்கள் எடுத்த நீர்மாதிரியில் டி.என்.ஏ. சோதனை 99 விழுக்காடு தடவை நியூட்டைக் கண்டது. ஒரு முறை போனபோது பாட்டில் பொறி 76, டார்ச் 75, முட்டை தேடல் 44 விழுக்காடு. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் எடுத்த மாதிரிகளில் டி.என்.ஏ. முறையின் வெற்றி சுமார் 91 விழுக்காடு. இந்த 99-க்கும் 91-க்கும் இடையிலான தூரத்தைக் கவனியுங்கள். இந்தச் சோதனையில் எவ்வளவு பங்கு குளக்கரையிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. 2014 முதல் நேச்சுரல் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பு இந்தச் சோதனையை ஏற்றுக்கொண்டு வருகிறது.

ஒரு வாளி நீரை மொண்டு அனுப்பினால் போதாதா?

போதாது. டி.என்.ஏ. குளம் முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. நியூட் கூடும் செடிப்புறத்தில் இருக்கும், பத்து மீட்டர் தள்ளி இல்லாமல் போகும். அதனால் கரையைச் சுற்றி 20 இடங்களில், ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி, சுமார் 30 மில்லிலிட்டர் எடுத்து ஒரே பையில் சேர்க்கிறார்கள். மொத்தம் 600 மில்லிலிட்டர். பையை நன்றாகக் குலுக்கி, அதிலிருந்து 15 மில்லிலிட்டர் வீதம் ஆறு குழாய்களில் விடுகிறார்கள். குழாய்களில் முன்பே எத்தனாலும் சோடியம் அசிட்டேட்டும் இருக்கும். எத்தனால் டி.என்.ஏ.வைச் சிதையாமல் காக்கிறது, பிறகு மையவிலக்கியில் அது அடியில் படியவும் உதவுகிறது. ஒவ்வொரு குழாயை நிரப்பும் முன்பும் பையை மறுபடி கலக்க வேண்டும். துகள்களோடு ஒட்டிய டி.என்.ஏ. சட்டென்று அடியில் இறங்கிவிடும்.

நீருக்குள் இறங்கக் கூடாது, கரண்டி அடிச்சேற்றைத் தொடக் கூடாது. சேற்றில் பழைய டி.என்.ஏ. தங்கியிருக்கலாம், பி.சி.ஆர். வினையைக் கெடுக்கும் பொருள்களும் அங்கேதான் அதிகம். போன குளத்துச் சேறு ஒட்டிய காலணியோடு இந்தக் குளத்தில் கால் வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எந்த மாதம் எடுத்தால் என்ன, டி.என்.ஏ. டி.என்.ஏ.தானே?

ஏற்றுக்கொள்ளப்பட்ட காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை. வளர்ந்த நியூட்டுகள் ஆண்டின் பெரும்பகுதியை நிலத்தில்தான் கழிக்கின்றன, இணைசேரவும் முட்டையிடவும் குளத்துக்கு வருகின்றன. நீரில் உள்ள டி.என்.ஏ. சில நாள்களிலிருந்து ஓரிரு வாரங்களுக்குள் கண்டறிய முடியாத அளவுக்குச் சிதைந்துவிடும். விலங்கு நீரில் இல்லாத மாதத்தில் மாதிரி எடுத்தால், ஆய்வகம் எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் ‘இல்லை’ என்றுதான் வரும்.

‘இல்லை’ என்று அறிக்கை வந்துவிட்டது. குளத்தில் நியூட் இல்லை என்று எழுதிவிடலாமா?

காலமும் முறையும் சரியாக இருந்து, கீழே சொல்லப்போகும் சரிபார்ப்புச் சோதனைகளும் தேறியிருந்தால், அதிகாரிகள் ஏற்பார்கள். ஆனால் அந்த ‘இல்லை’யின் எடை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். மேலே சொன்ன அளவுகளை வைத்தே கணக்குப் போடலாம்.

பையில் 600 மில்லிலிட்டர். குழாய்களுக்குப் போவது 6 × 15 = 90 மில்லிலிட்டர், அதாவது 15 விழுக்காடு. மீதி நீரைக் கொட்டிவிடுகிறோம். ஆய்வகத்தில் ஆறு குழாய்களின் படிவையும் ஒன்றாகச் சேர்த்து டி.என்.ஏ.வைப் பிரித்து 200 மைக்ரோலிட்டர் கரைசலாக்குகிறார்கள். அதிலிருந்து பி.சி.ஆர். தட்டில் உள்ள 12 சிறு குழிகளில் 3 மைக்ரோலிட்டர் வீதம் போடுகிறார்கள். 36 மைக்ரோலிட்டர், அதாவது 18 விழுக்காடு. 15 விழுக்காட்டில் 18 விழுக்காடு என்றால் 2.7 விழுக்காடு. பைக்குள் விழுந்த ஒரு டி.என்.ஏ. துண்டு கடைசியில் பி.சி.ஆர். குழிக்குள் போய்ச் சேரும் வாய்ப்பு, வழியில் எந்த இழப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அவ்வளவுதான்.

பையில் 20 துண்டுகள் மட்டுமே இருந்தன என்று கொள்வோம். ஒன்றுகூடக் குழியை எட்டாமல் போகும் வாய்ப்பு 0.973-ஐ இருபது முறை பெருக்கினால் கிடைக்கும்: சுமார் 58 விழுக்காடு. குளத்தில் நியூட் இருக்கிறது, மாதிரியிலும் அதன் டி.என்.ஏ. இருக்கிறது, யாரும் தவறு செய்யவில்லை. ஆனாலும் பாதிக்கு மேற்பட்ட தடவை ‘இல்லை’ என்றே வரும். நியூட் நிறைய உள்ள குளத்தில் பைக்குள் ஆயிரக்கணக்கில் துண்டுகள் இருக்குமாதலால் இந்தச் சிக்கல் எழாது. ஓரிரண்டு விலங்குகள் மட்டும் உள்ள பெரிய குளத்தில்தான் இது கடிக்கும். முன்பு சொன்ன 99 விழுக்காடு நியூட் இருப்பது உறுதியாகத் தெரிந்த குளங்களில் கிடைத்த எண் என்பதையும் இங்கே நினைவில் வையுங்கள்.

அப்படியானால் 12 குழிக்குப் பதில் 24 குழி ஓட்டினால் சரியாகிவிடும் அல்லவா?

ஓரளவு சரியாகும். அதே 20 துண்டுக் கணக்கில், 24 குழி என்றால் தவறவிடும் வாய்ப்பு 58-இலிருந்து 33 விழுக்காட்டுக்கு இறங்கும். 12 குழியை அப்படியே வைத்துக்கொண்டு, அதே குளத்தில் இன்னொரு பை நீர் எடுத்தாலும் ஏறக்குறைய அதே 33தான் வரும்.

ஆனால் இந்தச் சமன்பாடு இரண்டு பையிலும் 20 துண்டுகள் விழுந்தன என்ற அனுமானத்தில் நிற்கிறது. முதல் பையில் ஒன்றுமே விழாதிருந்தால் நூறு குழி ஓட்டினாலும் பயனில்லை. டி.என்.ஏ. திட்டுத்திட்டாக இருப்பதால் இது அடிக்கடி நடக்கக்கூடியது. அதனால் கூடுதலாகச் செலவழிக்கப் பணம் இருந்தால், அதை ஆய்வகத்தைவிடக் குளக்கரையில் செலவழியுங்கள் என்பதே என் கருத்து: இன்னொரு நாள், இன்னொரு பை.

நீரை வடிதாளில் வடித்துவிட்டு அந்தத் தாளை அனுப்பும் முறையும் உண்டு. 90 மில்லிலிட்டருக்குப் பதில் ஒரு லிட்டர், தெளிந்த நீரானால் அதற்கு மேலும் வடிக்கலாம். ஆற்று மீன்களுக்கு இதுவே வழக்கம். பாசிபிடித்த குளத்தில் தாள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் என்பதுதான் தொல்லை.

எங்கள் குளத்து நீர் கட்டன் தேநீர் நிறத்தில் இருக்கிறது. இதில் சோதனை வேலை செய்யுமா?

அந்த நிறத்துக்குக் காரணம் அழுகிய இலைதழைகளிலிருந்து வரும் ஹியூமிக் அமிலங்கள். இவை பி.சி.ஆர். நொதியை முடக்கக்கூடியவை. டி.என்.ஏ. குழிக்குள் இருந்தும் பெருகாது, கருவி ‘இல்லை’ என்று காட்டும். இதுவரை சொன்ன தவறவிடல்கள் தற்செயலானவை. இது அப்படியல்ல, அந்தக் குளத்தில் எத்தனை குழி ஓட்டினாலும் ‘இல்லை’ என்றே வரும்.

இதைப் பிடிக்க ஓர் எளிய வழி உண்டு. நியூட்டுக்குத் தொடர்பில்லாத ஒரு டி.என்.ஏ.வைத் தெரிந்த அளவில் மாதிரிக் கரைசலில் சேர்த்து ஓட்டுகிறார்கள். தூய நீரில் அது எந்தச் சுற்றில் தெரியுமோ, மாதிரியிலும் அதே சுற்றில் தெரிய வேண்டும். சில சுற்றுகள் தாமதித்தாலோ தெரியாமலே போனாலோ தடுப்பான் இருக்கிறது என்று பொருள். அப்போது கரைசலைப் பாதியாக நீர்த்து மறுபடி ஓட்டுவார்கள். தடுப்பான் நீர்த்துப்போகும், கூடவே தேடும் டி.என்.ஏ.வும் நீர்த்துப்போகும் என்பதை மறக்க வேண்டாம்.

குழாய்களில் உள்ள எத்தனாலிலும் இதுபோல ஓர் அடையாள டி.என்.ஏ.வை முன்கூட்டியே போட்டுவைப்பார்கள். பயணத்திலோ வெயிலில் நின்ற காரிலோ மாதிரி கெட்டிருந்தால் அதுவும் குறைந்துபோயிருக்கும். இந்த இரண்டில் ஏதேனும் ஒன்று தேறாமல், நியூட்டும் தெரியாவிட்டால், அறிக்கையில் வர வேண்டியது ‘முடிவுக்கு வர இயலவில்லை’ என்பது. அந்த இடத்தில் ‘இல்லை’ என்று எழுதும் ஆய்வகத்திடம் அடுத்த மாதிரியைக் கொடுக்காதீர்கள்.

ஆய்வகத்தில் கையுறை போட்டுத்தானே வேலை செய்கிறார்கள், பிறகு எப்படிக் கலப்படம் வரும்?

கையைவிடப் பெரிய ஆபத்து அந்த ஆய்வகம் நேற்று ஓட்டிய பி.சி.ஆர். வினைதான். ஒரு குழியில் வினை முடியும்போது தேடிய துண்டு ஒரு இலட்சம் கோடி அளவுக்குப் பெருகியிருக்கக்கூடும். மூடியைத் திறக்கும்போது அதில் நூறு கோடியில் ஒரு பங்கு காற்றில் தெறித்தாலும் ஆயிரம் துண்டுகள். நாம் குளத்தில் தேடுவதோ இருபது துண்டுகளை.

ஆகவே நல்ல ஆய்வகத்தில் மாதிரியிலிருந்து டி.என்.ஏ. பிரிப்பது ஓர் அறை, பி.சி.ஆர். கலவை தயாரிப்பது வேறோர் அறை, பெருக்கிய பொருள் இருக்கும் இடம் முற்றிலும் வேறு. ஆள்களும் பொருள்களும் ஒரே திசையில்தான் போகலாம். பெருக்கிய பொருள் உள்ள அறைக்குக் காலையில் போனவர் அன்று மாதிரி அறைக்குத் திரும்பக் கூடாது. பிப்பெட், மேலங்கி, பேனா உட்பட ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி. வினை முடிந்த தட்டைத் திறக்காமலே ஒளிர்வைப் படித்துவிட்டு, மூடியபடி எறிந்துவிட வேண்டும்.

மேசையை எத்தனாலால் துடைத்துவிட்டுச் சுத்தம் செய்துவிட்டதாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எத்தனால் கிருமியைக் கொல்லும், டி.என்.ஏ.வைப் பத்திரமாகக் காக்கும். மாதிரிக் குழாயில் அதை ஊற்றுவதே அதற்குத்தானே! டி.என்.ஏ.வை அழிக்கப் பிளீச்சிங் கரைசல் வேண்டும், அதோடு புறஊதா விளக்கு.

வெற்று மாதிரி என்று மூன்று வகை சொல்கிறார்கள். எல்லாமே வெறும் நீர்தானே?

நியூட் டி.என்.ஏ. இல்லாததை வேண்டுமென்றே ஓட்டிப் பார்ப்பது என்பதில் மூன்றும் ஒன்றுதான், நுழையும் இடம் வேறு. தூய நீரைக் குளக்கரைக்குக் கொண்டுபோய், குளத்து நீரைப் போலவே கரண்டி, பை, குழாய் எல்லாவற்றிலும் செலுத்திக் கொண்டுவருவது களவெற்று. டி.என்.ஏ. பிரிக்கும் கட்டத்தில் மாதிரி இல்லாமல் வேதிப்பொருள்களை மட்டும் போட்டு ஓட்டுவது பிரிப்புவெற்று. பி.சி.ஆர். குழியில் மாதிரிக்குப் பதில் தூய நீரை விடுவது பி.சி.ஆர். வெற்று. எதில் ஒளிர்வு வருகிறதோ அதற்கு முந்தைய கட்டங்களை விட்டுவிட்டுத் தேடலாம்.

ஒரு நாள் ஏழு குளங்களின் மாதிரிகளை ஒரே தொகுதியாக ஓட்டியதாகக் கொள்வோம். பி.சி.ஆர். வெற்று நான்கும் சுத்தம். பிரிப்புவெற்றின் 12 குழிகளில் இரண்டு, 39-ஆம் சுற்றில் ஒளிர்ந்தன. பி.சி.ஆர். கலவை குற்றமற்றது என்பது தெரிகிறது. பிரிப்பு மேசையிலோ அங்கு பயன்படுத்திய வேதிப்பொருளிலோ நியூட் டி.என்.ஏ. நுழைந்திருக்கிறது. அதே தொகுதியில் ஒரு குளம், டி.என்.ஏ. நிறைய இருந்ததால், 27-ஆம் சுற்றிலேயே 12-க்கு 12 ஒளிர்ந்திருந்தால், அந்தக் குழாயிலிருந்தே பக்கத்துக்குத் தெறித்திருக்கலாம் என்று முதலில் ஐயப்பட வேண்டும்.

இப்போது 12-க்கு 1, 2 என்று வந்த குளங்களை என்ன செய்வது? அவற்றை ‘இருக்கிறது’ என்று சொல்ல முடியாது. வெற்றில் வந்த அளவைக் கழித்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் வாதிடுவதுண்டு. கலப்படம் எல்லாக் குழாய்களிலும் சமமாக விழுவதில்லை என்பதால் அது செல்லாது. ஆறு குழாய்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பிரித்துவிட்டபடியால் மறுபடி பிரிக்க எதுவும் மிஞ்சியிருக்காது. திரும்பக் குளத்துக்குத்தான் போக வேண்டும், ஜூன் 30 தாண்டியிருந்தால் அடுத்த ஆண்டு. ஒரு தெறிப்பின் விலை சில நேரம் பத்து மாதம்.

எல்லா வெற்றும் சுத்தம், எங்கள் குளத்துக்கு 12-க்கு 1. இருக்கிறதா, இல்லையா?

இங்கிலாந்து முறையில் ஒன்று ஒளிர்ந்தாலும் ‘இருக்கிறது’தான். அந்த விதி வீம்பினால் வந்ததல்ல. கரைசலில் 10 துண்டுகள் மட்டும் இருந்தால் 18 விழுக்காட்டுக் கணக்குப்படி 12 குழிகளுக்கும் சேர்த்து வந்துசேர்வது சராசரியாக இரண்டுக்கும் குறைவு. டி.என்.ஏ. குறைவான குளம் 12-க்கு 1 என்றுதான் தோற்றமளிக்கும். ஆனால் ஒரே ஒரு தெறிப்பும் அப்படியேதான் தோற்றமளிக்கும், கருவியால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒளிர்ந்த குழியின் துண்டை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது நியூட்டுடையதுதானா என்பது உறுதியாகும். எந்தக் குளத்து நியூட் என்பது தெரியாது.

சந்தேகமானால் புதிதாக நீர் எடுங்கள். ஆனால் பிடிக்காத முடிவு வந்த குளத்தை மட்டும் மறுபடி சோதித்து, இரண்டாவது ‘இல்லை’யை எடுத்துக்கொள்வது சோதனையாகாது. மறுசோதனைக்கான விதியை முதல் முடிவு வருமுன்பே எழுதிவைக்க வேண்டும்.

12-க்கு 12 என்றால் நியூட் ஏராளம் என்று பொருளா?

இல்லை. கரண்டி விட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நியூட் இருந்திருந்தாலும் போதும். எண்ணிக்கை வேண்டுமானால் பழையபடி டார்ச்சும் பொறியும்தான்.

கலப்படமே இல்லை, டி.என்.ஏ. உண்மையாகவே குளத்தில் இருந்தது, ஆனால் விலங்கு இல்லை. அப்படியும் நடக்குமா?

நடக்கும். இதில் பெரிய சண்டை நடந்தது அமெரிக்காவின் சிகாகோவில். ஆசியக் கெண்டை மீன்கள் மிச்சிகன் ஏரிக்குள் புகாமல் இருக்கக் கால்வாயில் மின்தடுப்பு வைத்திருக்கிறார்கள். தடுப்புக்கு அப்பால் எடுத்த நீரில் கெண்டையின் டி.என்.ஏ. தெரிந்தது. உயிருள்ள மீன் வந்துவிட்டதா, அல்லது மீன் தின்ற பறவையின் எச்சம், படகில் ஒட்டிவந்த சளி, மீன் கடைக் கழிவு கலந்த சாக்கடை ஆகியவற்றிலிருந்து வந்ததா என்பதை ஆராயவே தனியாக ஓர் ஆய்வுத் திட்டம் நடத்தினார்கள். இவை எல்லாமே டி.என்.ஏ.வைக் கொண்டுவர முடியும் என்பது தெரிந்தது. 2010-இல் தடுப்புக்கு அப்பால் காலுமெட் ஏரியில் ஒரு கெண்டை பிடிபட்டது என்பதும் உண்மை.

வெற்று மாதிரிகள் எதுவும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் ஆய்வகம் சரியான விடையைத்தான் சொல்கிறது. நியூட் குளத்தில் கேட்க வேண்டியவை வேறு: மேலே உள்ள குளத்திலிருந்து இதற்கு ஓடை வருகிறதா? முந்தின வாரம் யாராவது வேறு குளத்தில் போட்ட வலையை இங்கே போட்டார்களா?

எங்கள் ஆய்வகத்தில் வெற்று மாதிரி ஒருபோதும் ஒளிர்ந்ததில்லை என்கிறார்கள். இது போதுமா?

எத்தனை வெற்று ஓட்டினார்கள் என்று கேளுங்கள். நூறு குழிக்கு ஒன்று வீதம் கலப்படம் ஆகும் ஆய்வகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு தட்டில் நான்கு வெற்றுக் குழிகள் இருந்தால், நான்கும் சுத்தமாக வரும் வாய்ப்பு 96 விழுக்காடு. அதே தட்டில் ஏழு குளங்களுக்கு 84 குழிகள். அவற்றில் குறைந்தது ஒன்றாவது பொய்யாக ஒளிரும் வாய்ப்பு 57 விழுக்காடு. வெற்று எல்லாம் சுத்தமாக இருக்கும்போதே தட்டுக்கு ஒன்று என்ற அளவில் பொய்யான ‘12-க்கு 1’ வந்துகொண்டிருக்கலாம். மேலே ‘12-க்கு 1’ பற்றிய கேள்வியில் நான் தயங்கியது இதனால்தான்.

ஒரு தட்டின் வெற்றுக்குப் பேச வாயில்லை. ஓர் ஆண்டின் வெற்றுகள் அனைத்தையும் சேர்த்தால் பேசும். ஆயிரம் வெற்றுக் குழிகளில் எத்தனை ஒளிர்ந்தன என்ற கணக்கைக் கேட்டு வாங்குங்கள். நியூட் இருக்கவே முடியாத இடத்துக் குளங்களின் நீரை, எது எதுவென்று சொல்லாமல், மற்ற மாதிரிகளுக்கு நடுவே அனுப்பிவையுங்கள். இங்கிலாந்தில் ஆய்வகங்களுக்கு இப்படி விடை மறைத்த மாதிரிகளை அனுப்பித் தேர்வு வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஆய்வகம் அதில் கலந்துகொள்கிறதா, கடைசியாக எத்தனை சரி என்று கேட்பதில் தவறில்லை. மாதிரி கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.